"தீபாவளிக்கு வராது": வித்துத் தீர்ந்த சேலையும் நாற்பது பேர் காத்திருந்த கதையும்

(எபிசோடில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம்)

போன வாரம் ஒரு கேள்வி வந்திருந்தது. கேட்டவங்க வீட்டுலயே மெழுகுவர்த்தி செஞ்சு விக்கிறாங்க. "சரக்கு தீர்ந்துடுச்சு, அடுத்தது எப்போன்னு தினமும் ஐம்பது பேர் கேக்குறாங்க, என்ன சொல்லிச் சமாளிக்கிறது?"ன்னு கேட்டிருந்தாங்க. மெழுகுவர்த்தி பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. சேலை பத்தித் தெரியும். அதுனால என் கதையைச் சொல்றேன், உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கோங்க.

நான் விக்கிறது காரைக்குடி கண்டாங்கிச் சேலை. கட்டம் போட்ட, கொஞ்சம் தடிமனான பருத்திச் சேலை. மஞ்சள், செங்கல் சிவப்பு, கருப்புன்னு அழுத்தமான நிறங்கள்ல வரும். 2019ல புவிசார் குறியீடு கிடைச்ச பிறகு இதைப் பத்திக் கேள்விப்பட்டவங்க கூடிட்டாங்க. நான் சென்னையில உக்காந்து இன்ஸ்டாகிராம்ல விக்கிறேன். எனக்காக நெய்யுறது மூணே மூணு தறி. இந்த மூணுங்கிற எண்ணிக்கையை ஞாபகம் வச்சுக்கோங்க, மொத்தக் கதையும் அதுலதான் இருக்கு.

முதல்ல நான் சொதப்பினதைச் சொல்லிடுறேன். 2023. அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. செப்டம்பர் கடைசியில ஒரு மஞ்சள் கட்டச் சேலை ஒரே ராத்திரியில வித்துத் தீர்ந்துடுச்சு. எனக்குத் தலைகால் புரியலை. உடனே ஒரு ஸ்டோரி போட்டேன்: "சோல்டு அவுட்! தீபாவளிக்கு முன்னாடி கண்டிப்பா மறுபடி வரும், 500 ரூபாய் அட்வான்ஸ் கட்டினா உங்களுக்கு ஒண்ணு எடுத்து வைப்போம்." முப்பது பேர் கட்டினாங்க. அதுக்கு அப்புறம்தான் நெசவாளருக்குப் போன் பண்ணேன். கவனிங்க, அப்புறம்தான்.

"அண்ணே, தீபாவளிக்குள்ள முப்பது சேலை வந்துடுமா?"ன்னு கேட்டேன். அவர், "பாத்துக்கலாம் தங்கச்சி"ன்னார். நான் அதைச் சரின்னு எடுத்துக்கிட்டேன். நம்ம ஊர்ல "பாத்துக்கலாம்"னா முடியாதுன்னு மரியாதையாச் சொல்றதுன்னு எனக்கு அப்போ உறைக்கலை.

சேலை வந்தது நவம்பர் 20க்கு மேல. அதுலயும் நாலு சேலையில நெசவு தளர்ந்து கிடந்தது. மழையில வேலை நின்னுபோன நாளை ஈடுகட்ட ராத்திரி பல்பு வெளிச்சத்துல நெஞ்சிருக்காங்க. எனக்காக. நான் யாரையும் கேக்காம கொடுத்த ஒரு தேதிக்காக. முப்பது பேர்ல பதினோரு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டாங்க. ஒவ்வொருத்தர் நம்பரையும் தேடி யுபிஐயில தனித்தனியா அனுப்பிட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "வந்துச்சா?"ன்னு கேட்டு ரெண்டு நாள் போச்சு. ஒருத்தங்க மட்டும் பணம் வேண்டாம்னு சொல்லிட்டு ஒரு வரி அனுப்பினாங்க: "அம்மாகிட்ட தீபாவளிக்குக் கண்டாங்கி கட்டுவீங்கன்னு சொல்லி வச்சிருந்தேன்." திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. அதுக்கு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பதில் எழுதத் தெரியலை.

சரி, இப்போ 2024. அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 31. செப்டம்பர் 14, சனிக்கிழமை சாயங்காலம் 24 சேலை போட்டேன், ராத்திரி பத்து மணிக்கு எல்லாம் போயிடுச்சு. பதினாறு மஞ்சள், எட்டு சிவப்பு. மறுபடியும் அதே இடத்துல நிக்கிறேன். இன்பாக்ஸ் நிறைய "எப்போ, எப்போ". இந்தத் தடவை அன்னைக்கு ராத்திரி தேதியே போடலை. "தீர்ந்துடுச்சு. அடுத்தது எப்போங்கிறதைத் தறியில கேட்டுட்டு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சொல்றேன்"ன்னு மட்டும் போட்டேன். தேதி எப்போ சொல்வோம்னு ஒரு தேதி. சிரிப்பா இருக்கும், ஆனா அதைப் பாத்ததும் கேள்வி பாதியா குறைஞ்சுடுச்சு. ஜனங்களுக்கு எப்போ திரும்பி வந்து பாக்கணும்னு தெரிஞ்சாப் போதும்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் போன் போட்டேன். இந்த முறை "வந்துடுமா?"ன்னு கேக்கலை. "முதல்ல என்ன செய்வீங்க, அதுக்கு எத்தனை நாள்? அடுத்து என்ன?"ன்னு ஒவ்வொண்ணாக் கேட்டு எழுதிக்கிட்டேன். நூலுக்குச் சாயம் போட்டுக் காயவைக்க நாலு நாள், அதுவும் வெயில் அடிச்சா. பாவு ஓட்டி, கஞ்சி போட்டு, தறியில பிணைக்க இன்னொரு நாலு நாள். ஒரு பாவுல எட்டுச் சேலை, ஒரு சேலைக்கு ரெண்டு நாள், ஆக பதினாறு நாள் நெசவு. நடுவுல அமாவாசைக்குத் தறி ஓட்ட மாட்டாங்க, ஆயுத பூஜைக்கு ரெண்டு நாள் தறியைத் தொட மாட்டாங்க. நெஞ்சு முடிச்சா பார்சல் கட்டிச் சென்னைக்கு அனுப்பணும். நான் ஒவ்வொரு சேலையையும் விரிச்சுப் பாக்கணும், போட்டோ எடுக்கணும், பேக் பண்ணணும். அதுக்கு ஒரு அஞ்சு நாள்.

செப்டம்பர் 16ல ஆரம்பிச்சா இந்தக் கணக்குப்படி 24 வரைக்கும் சாயமும் பாவும். அக்டோபர் 13 வாக்குல நெசவு முடியும். 18ஆம் தேதி நான் அனுப்ப ஆரம்பிக்கலாம். தீபாவளிக்குப் பதிமூணு நாள் முன்னாடி!

இங்கதான் கை துறுதுறுன்னுச்சு. "தீபாவளிக்கு முன்னாடி"ன்னு போட்டா நூறு பேர் சேருவாங்க. காகிதத்துல கணக்கும் இடிக்கலை.

ஆனா இந்தத் தேதி எல்லாமே சரியா நடந்தா மட்டும் வர்ற தேதி. அக்டோபர்ல எல்லாமே சரியா நடக்கிறது நம்ம ஊர்ல நடக்கிற காரியமா? வடகிழக்குப் பருவமழை தொடங்குற மாசம் அது. சாயம் போட்ட நூல் காயாது. கஞ்சி போட்ட பாவு காயாது. குழித்தறியா இருந்தா குழியில ஈரம் ஏறும். மழை நாள்ல நாலு நாள் வேலை எட்டு நாள் ஆகும்னு அண்ணனே சொன்னார். மூணு தறியில யாராவது ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தாலும் எட்டுச் சேலை தள்ளிப்போகும்.

இன்னொண்ணும் இருக்கு, இதை நான் யோசிக்கவே இல்லை, என் அக்கா சொன்னா. "ஏண்டி, 18ஆம் தேதி நீ அனுப்பி 22ஆம் தேதி கைக்குக் கிடைச்சா, பிளவுஸ் யார் தச்சுக் கொடுப்பா? எந்த டெய்லர் அப்போ துணி வாங்குவான்?" உண்மைதானே. தீபாவளிக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே டெய்லர் கடையில "ஆர்டர் எடுப்பதில்லை"ன்னு போர்டு மாட்டிடுவாங்க. அதாவது நான் சொல்ற தேதியைக் காப்பாத்தினாக்கூட, வாங்கினவங்க தீபாவளிக்குப் புதுசா கட்ட முடியாது. அப்போ "தீபாவளிக்கு முன்னாடி"ங்கிறது கணக்குல சரியான, ஆனா உபயோகமில்லாத வாக்கு.

அதுனால தேதியை நவம்பர் 8, வெள்ளிக்கிழமைன்னு வச்சேன். கணக்குல வந்த தேதிக்கு மூணு வாரம் தள்ளி. மழைக்கு ஒரு வாரம், தறியில யாராவது படுத்தா ஒரு வாரம், தீபாவளி லீவும் கூரியர் கூட்டமும் ஒரு வாரம். நான் ஏதோ நடுக்கத்துல சும்மா தள்ளிப் போடலை. ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு காரணம் எழுதி வச்சிருந்தேன். காரணம் இல்லாம தள்ளிப்போட்டா அது உங்களுக்கே நம்பிக்கை இல்லாத தேதியா இருக்கும், கேட்டா திணறுவீங்க.

அப்புறம் வெயிட்டிங் லிஸ்ட். ரயில் டிக்கெட் எடுக்கிற நமக்கு இதைப் புரியவைக்கவே வேண்டாம். டபிள்யூஎல் 12ன்னா ஒரு நம்பிக்கை, டபிள்யூஎல் 140ன்னா வேற பஸ் பாக்கணும். என் லிஸ்ட்ல பேர் கொடுத்தவங்களுக்கும் அந்த நம்பர் தெரியணும்னு முடிவு பண்ணேன். நிறைய பேர் "லிஸ்ட்ல சேத்துட்டோம்"னு மட்டும் சொல்லி விட்டுடுறாங்க. முந்நூறாவது ஆளும் தனக்கு ஒண்ணு கிடைக்கும்னு நம்பிக்கிட்டிருப்பாங்க.

லிஸ்ட் ஒண்ணு இல்லை, ரெண்டு. ஏன்னா பாவு தறியில ஏறிட்டா அந்த நிறம்தான். மஞ்சள் பாவுல சிவப்புச் சேலை வராது. ரெண்டு தறி மஞ்சள், ஒரு தறி சிவப்பு. எல்லாரையும் ஒரே வரிசையில நிறுத்தினா, ஒன்பதாவது ஆளுக்குச் சிவப்பு வேணும்னு வர்றப்போ சிவப்பு இருக்குமா இருக்காதான்னு நம்மாலயே சொல்ல முடியாது. உங்க பொருள்ல நிறம், அளவு, வாசனைன்னு எது உற்பத்தியிலயே பிரியுதோ, அதுக்குத் தனித்தனி வரிசை வையுங்க.

எத்தனை பேரைச் சேக்கிறது? போன வருஷ அனுபவத்துல, ஆசையா பேர் கொடுக்கிறவங்கள்ல மூணுல ஒருத்தர் கடைசியில வாங்கறதில்லை. வேற எங்கயோ வாங்கியிருப்பாங்க, மாசக் கடைசியா இருக்கும், மறந்துகூடப் போயிருப்பாங்க. அதுனால 16 மஞ்சளுக்கு 26 பேர், 8 சிவப்புக்கு 14 பேர். அதோட மூடிடுறது. இந்தக் கணக்கு உங்களுக்கு வேற மாதிரி இருக்கலாம், முதல் தடவை எழுதி வச்சுக்கிட்டா அடுத்த தடவை தெரிஞ்சுடும்.

காசு வாங்கலை. அட்வான்ஸ் வாங்கினா வர்றவங்க உறுதியா இருப்பாங்கன்னு சொல்வாங்க, வாஸ்தவம்தான். ஆனா அடுத்தவங்க காசு கையில இருக்கிறப்போ தாமதம் ஆச்சுன்னா பேச்சே மாறிடுது. காத்திருக்கிறவங்க கடன் கொடுத்தவங்க ஆயிடுறாங்க. எனக்கு நூல் வாங்கக் கையில பணம் இருந்தது, அதுனால தேவைப்படலை. பணமே இல்லாம அட்வான்ஸ் வாங்கித்தான் மூலப்பொருள் வாங்கணும்னா அது வெயிட்டிங் லிஸ்ட் இல்லை, முன்பதிவு. அதை அப்படியே பேர் சொல்லிக் கூப்பிடுங்க, பணம் எப்போ எப்படித் திரும்பக் கிடைக்கும்னும் அதுலயே எழுதிடுங்க.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போட்ட அறிவிப்பை அப்படியே வாசிக்கிறேன்:

"மஞ்சள், சிவப்புக் கண்டாங்கி ரெண்டும் தீர்ந்துவிட்டன. அடுத்து 16 மஞ்சள், 8 சிவப்பு வரும். எங்களிடமிருந்து கிளம்பும் நாள் நவம்பர் 8, வெள்ளி. தீபாவளிக்கு வராது. தீபாவளிக்கே வேண்டும் என்றால் தயவுசெய்து வேறு இடத்தில் பாருங்கள், எங்களுக்காகக் காத்திருக்காதீர்கள். நூல் காய்வதும் நெசவும் மழையைப் பொறுத்தது என்பதால் இந்த அவகாசம். காத்திருப்பவர்கள் நிறத்தையும் பெயரையும் அனுப்பினால் உங்கள் வரிசை எண்ணைச் சொல்வோம். இப்போது பணம் வேண்டாம். விலை மாறாது. சேலை தயாரானதும் வரிசைப்படி செய்தி வரும், 48 மணி நேரம் உங்களுக்காக எடுத்து வைத்திருப்போம். அதற்குள் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்குப் போகும். மஞ்சளுக்கு 26, சிவப்புக்கு 14 பேரோடு வரிசையை மூடிவிடுவோம்."

அவ்வளவுதான். "தீபாவளிக்கு வராது"ங்கிற வரியை எழுதி, அழிச்சு, மறுபடி எழுதினேன். அதைப் போட்டா வியாபாரம் போயிடும்னு பயம். கொஞ்சம் போச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். "அப்போ வேண்டாங்க"ன்னு நிறைய பேர் சொன்னாங்க. ஆனா அவங்க நவம்பர்ல கோபமா வந்து சொல்லியிருக்க வேண்டியதை செப்டம்பர்ல சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போனாங்க. வரிசை நாலு நாள்ல நிறைஞ்சுடுச்சு.

"கிளம்பும் நாள்"ங்கிற வார்த்தையையும் கவனிங்க. கைக்குக் கிடைக்கும் நாள்னு சொல்லலை. கூரியர் என் கையில இல்லை. என் வீட்டு வாசலைத் தாண்டுற நாள் மட்டும்தான் என் கையில இருக்கு. அப்புறம், "ஆறு வாரத்துல"ன்னு எழுதாதீங்க. என்னைக்குப் படிக்கிறாங்களோ அன்னையிலேர்ந்து ஆறு வாரம்னு எண்ணுவாங்க. தேதி, கிழமை ரெண்டையும் போடுங்க.

எங்க போடுறதுங்கிறதுலயும் ஒரு சங்கடம் இருக்கு. ஸ்டோரி 24 மணி நேரத்துல மறைஞ்சுடும். அதுனால போஸ்டாப் போட்டுப் பக்கத்து மேல பின் பண்ணி வச்சேன். பழைய சேலை போட்டோவை அழிக்கலை, அதோட விவரத்துல முதல் வரியா "தீர்ந்தது, அடுத்தது நவம்பர் 8"ன்னு சேத்தேன். யாரோ ஃபார்வர்டு பண்ணின பழைய லிங்க் வழியா வர்றவங்கதான் அதிகம், அவங்களுக்கும் அங்கயே பதில் கிடைக்கும்.

வாட்ஸ்ஆப்ல பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டிருந்தேன். இதுல ஒரு பள்ளம் இருக்கு, நான் விழுந்தேன். உங்க நம்பரை அவங்க போன்ல சேவ் பண்ணி வச்சிருந்தாத்தான் பிராட்காஸ்ட் செய்தி அவங்களுக்குப் போய்ச்சேரும். முதல் செய்தி அனுப்பினப்போ பாதிப் பேருக்கு ஒத்தை டிக்கோட நின்னுடுச்சு. அப்புறம் ஒவ்வொருத்தருக்கும் வரிசை எண் சொல்றப்போவே "இந்த நம்பரைச் சேவ் பண்ணிக்கோங்க, அப்போதான் செய்தி வரும்"னு சேத்துச் சொன்னேன். நாற்பது பேர்தானே, கையாலயே அனுப்பிடலாம்.

நடுவுல ரெண்டே தடவைதான் செய்தி அனுப்பினேன். செப்டம்பர் 28ல பாவு தறியில ஏறினதும் ஒரு போட்டோ. அக்டோபர் நடுவுல நல்ல மழை. சிவப்புத் தறி இருந்த வீட்டுல கூரை ஒழுகி, குழியில தண்ணி ஏறி, வேலை நின்னுபோச்சு. அண்ணன் போன்ல சங்கடப்பட்டார். "தங்கச்சி, சிவப்பு கொஞ்சம் லேட் ஆகும்." நான் காலண்டரைப் பாத்தேன். "நவம்பர் 4க்குள்ள என் கைக்கு வந்தாப் போதும்ணே. ராத்திரி உக்கார வேண்டாம்." அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்ல முடிஞ்சதே, அதுக்காகவே அந்த மூணு வாரம்.

அன்னைக்கே சிவப்பு வரிசைக்கு மட்டும் எழுதினேன்: "மழையால் ஒரு தறி நின்றிருக்கிறது. நவம்பர் 8 மாறவில்லை. மாறினால் நவம்பர் 1ஆம் தேதிக்குள் சொல்லிவிடுவோம்." கெட்ட சேதி இருந்தா தேதிக்கு முன்னாடியே நாமளா சொல்லணும். தேதி தாண்டின பிறகு அவங்க கேட்டு நாம சொன்னா அது விளக்கம் இல்லை, சாக்கு.

மஞ்சள் அக்டோபர் 22லயே வந்துடுச்சு. இப்போ வேற விதமான சபலம். உடனே "சர்ப்ரைஸ்! தீபாவளிக்கே கிடைக்கும்!"னு போட்டுடலாமான்னு. போடலை. பொதுவா அறிவிச்சா, செப்டம்பர்ல என் பேச்சை நம்பி வேற சேலை வாங்கினவங்களுக்கு எப்படி இருக்கும்? வரிசையில இருந்தவங்களுக்கு மட்டும் தனியா எழுதினேன்: "உங்கள் சேலை முன்பே வந்துவிட்டது. இப்போது அனுப்பட்டுமா, நவம்பர் 8க்கா? தீபாவளிக்குள் கைக்குக் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது." சிலர் இப்பவே வேணும்னாங்க, சிலர் நவம்பர் சம்பளம் வரட்டும்னாங்க. முன்பே வந்ததுங்கிறதுக்காக 48 மணி நேரக் கடிகாரத்தை ஓடவிடலை, நவம்பர்லதான் அது தொடங்கும்னு சொல்லிட்டேன். அவங்க அந்தத் தேதியை வச்சுத்தானே பணத்தை ஒதுக்கியிருப்பாங்க.

கடைசிக் கணக்கு இது. மஞ்சள்ல முதல் 16 பேர்ல 11 பேர் எடுத்தாங்க. மீதி அஞ்சும் 23ஆம் நம்பரோட முடிஞ்சது. சிவப்பு நவம்பர் 4ல வந்தது, முதல் எட்டுப் பேர்ல அஞ்சு பேர், மீதி மூணு 13ஆம் நம்பரோட காலி. முதல் வரிசையில பதில் சொன்னவங்களோட பார்சல் எல்லாம் 8ஆம் தேதி கிளம்பிடுச்சு. அதுக்கடுத்த நம்பர்களுக்கு இன்னும் நாலஞ்சு நாள் ஆச்சு. அதை நான் அறிவிப்புல சொல்லாம விட்டுட்டேன், ரெண்டு பேர் சரியாக் கேட்டாங்க. இப்போல்லாம் "முதல் 16 பேருக்கு நவம்பர் 8, அதற்குப் பிறகுள்ளவர்களுக்கு நவம்பர் 14"ன்னு ரெண்டு தேதியாப் போடுறேன்.

கிடைக்காமப் போனது நாலு பேருக்கு. மஞ்சள்ல மூணு பேர், சிவப்புல ஒருத்தர். அவங்களுக்கு மட்டும் எழுதாம போன் பண்ணேன். அடுத்த பாவுல முதல் நாலு இடம் வேணுமான்னு கேட்டேன். மூணு பேர் சரின்னாங்க. சிவப்புக் கேட்டவங்க மட்டும், "இல்லைம்மா, நம்பர் 14ன்னு நீ சொன்னப்பவே தெரியும், நான் போன மாசமே ஒண்ணு வாங்கிட்டேன்"ன்னு சொல்லிச் சிரிச்சாங்க.